இரட்டைச் சொற்களை வெட்டலாமா?

அன்புள்ள அண்ணாவுக்கு, கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காட்டில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறேன். ஆங்கிலப் பத்திரங்களில் ‘நல் அண்ட் வாய்ட்’, ‘டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்’ என்று எல்லாமே இரண்டிரண்டாக வருகின்றன. ‘ஏர்ஸ் அண்ட் அசைன்ஸ்’ என்பதை ‘ஏர்ஸ்’ என்று சுருக்கியதற்கு சீனியர் சத்தம் போட்டார். பழைய ஆள். எதையெல்லாம் தைரியமாக வெட்டலாம்?

தம்பி,

உங்கள் சீனியர் கையை முறிக்காமல் விட்டாரே, அதுவே பெரிசு.

‘நல்’ போகட்டும். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் ‘வாய்ட்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குத்தான் பொருள் சொல்கிறது. அதை மட்டும் ‘வாய்டபிள்’ ஆக்கிவிடாதீர்கள். அது ஒரு தரப்பு நினைத்தால் ரத்து செய்யக்கூடியது, வேறு சமாச்சாரம். ‘டெர்ம்ஸ்’ என்றாலே கண்டிஷனும் அதற்குள் அடங்கிவிடும். சரக்கு விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்துக்கே ‘கண்டிஷன்’ என்று பெயர் வைத்திருந்தால் மட்டும் தொடாதீர்கள். அதை மீறினால் சரக்கையே வேண்டாம் என்று திருப்பிவிடலாம். ஷரத்து வெறும் ‘வாரண்டி’ என்றால், மீறினாலும் நஷ்டஈடுதான்.

ஆனால் ஏர்ஸும் அசைன்ஸும் ஒரே ஆட்களா? ஏர்ஸ் என்றால் ஒருவர் செத்த பிறகு வருகிற வாரிசுகள். அசைன்ஸ் என்றால் அவர் உயிரோடு இருக்கும்போதே உரிமையை எழுதி வாங்கிக்கொண்ட வெளியாட்கள்.

என் மாமனாரின் தம்பி, மகள் கல்யாணச் செலவுக்காக சித்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பை விற்றார். ஐந்து வருஷத்துக்குள் அதே விலைக்குத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு ஒப்பந்தமும் இருந்தது. அதில் ‘அவரும் அவருடைய ஏர்ஸும்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். கெடு நெருங்கியும் கையில் காசில்லை. அதற்குள் தோப்பு விலை ஏறிவிட்டது. கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் அந்த உரிமைக்கே நல்ல பணம் தருவதாகச் சொன்னதும் இவர் எழுதிக்கொடுத்துவிட்டார். வியாபாரி பணத்தோடு போய் நின்றபோது தோப்புக்காரர் சொன்னார்: “இது அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த வாக்கு, உமக்கு இல்லை.”

சட்டம் அவர் பக்கம் என்று நினைக்காதீர்கள். இப்படிப்பட்ட உரிமையைப் பொதுவாகக் கைமாற்றலாம். குறிப்பிட்ட ஆளுக்கு மட்டுமே கொடுத்தது என்று ஒப்பந்தத்திலிருந்தே தெரிந்தால்தான் தடை. அதைக் காட்டத்தான் அவருக்கு ஏர்ஸ் என்ற தனிச்சொல் கிடைத்துவிட்டதே! வாரிசைச் சொல்லத் தெரிந்தவர்கள் வெளியாளை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். வழக்கு இழுத்து, கடைசியில் ராஜி ஆனது. வியாபாரி தந்த பணத்தில் பாதியை மாமனாரின் தம்பி திருப்பிக் கொடுத்தார்.

ஆகவே வெட்டுவதற்கு முன்னால், இந்தச் சொல் போனால் கூடவே போவது யார் என்று கேளுங்கள். யாரும் இல்லையென்றால் வெட்டுங்கள். இன்னொன்று, பக்கம் இரண்டில் வெட்டிவிட்டுப் பக்கம் ஏழில் ஜோடியாகவே விட்டு வைக்காதீர்கள். வேண்டுமென்றே வித்தியாசமாக எழுதியதாக எதிர்த்தரப்பு வாதிடும்.

அப்புறம், அந்தப் பத்திரம் இன்னும் கையெழுத்தாகவில்லையே? அசைன்ஸைத் திரும்பச் சேர்த்துவிட்டு சீனியரிடம் காட்டுங்கள்.