முதலில் பெயர், பிறகு கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் மென்பொருள் பொறியாளர். போன வாரம் முதல்முறையாக கிளையன்ட் மீட்டிங்கில் ஆன்லைனில் சேர்ந்தேன். என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு முடித்ததும் ஒரு சத்தமும் இல்லை, எல்லாரும் மியூட்டில். பதறிப்போய் மறுபடி பேச ஆரம்பித்தேன். அதே நேரத்தில் அவர்களும் பேச, "சாரி, நீங்க சொல்லுங்க" என்று இரண்டு பக்கமும் மாறி மாறி நின்றோம். அடுத்த வாரம் இன்னொரு குழுவோடு மீட்டிங். எப்படிப் பேசட்டும்?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த அமைதி எவ்வளவு நீளம் என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நேரில் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க சுமார் 0.2 விநாடிதான் ஆகும். நம் காது பழகியது அதற்குத்தான். ஆன்லைனில் உங்கள் குரல் அங்கே போய்ச் சேர 0.3 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பதில் திரும்பி வர இன்னொரு 0.3. இத்துடன் அவர் மவுஸைத் தேடி மியூட்டை எடுக்க ஒன்றிரண்டு விநாடி. ஆக, அவர் உடனே பதில் சொல்ல நினைத்தாலும் உங்களுக்கு இரண்டு மூன்று விநாடி அமைதிதான் கேட்கும். நீங்கள் பதறிப்போய் மறுபடி தொடங்கியது அனேகமாக அவர் மியூட்டை எடுத்த அதே நொடியில்.

இதற்கு நான் கண்ட நல்ல வழி, அடுத்துப் பேச வேண்டியவரின் பெயரைக் கேள்விக்கு முன்னால் சொல்லிவிடுவது. "இந்த ரிலீஸில் எதை முதலில் பார்க்கலாம், சார்?" என்று முடித்தால், கேள்வி தனக்கு என்று அவருக்குத் தெரிவதே கடைசியில்தான். பெயரை முதலில் சொன்னால், மிச்ச வாக்கியத்தை நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவர் கை மியூட் பட்டனுக்குப் போய்விடும்.

ஆரம்பத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பின்னணி இரைச்சலை வடிகட்டும் வசதி, வருவது பேச்சுதானா என்று கண்டுபிடிப்பதற்குள் முதல் அசையை விழுங்கிவிடுவதுண்டு. பல வருடங்களுக்கு முன் நான் எடுத்த எடுப்பில் என் பெயரைச் சொன்னேன். மீட்டிங் குறிப்பில் பாதிப் பெயர்தான் வந்தது, அதைத் திருத்தச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. அதனால் தொலைந்தாலும் பரவாயில்லை என்கிற சொல் முதலில் வரட்டும். அதற்கு வணக்கமே போதும்.

உங்களுக்காக ஒன்று எழுதிப் பார்த்தேன். கோடிட்ட இடங்களில் பெயர்களைப் போட்டுக்கொள்ளுங்கள்:

"எல்லாருக்கும் வணக்கம். (ஒரு மூச்சு.) என் பெயர் ……. பேமென்ட் பகுதியின் பேக்எண்ட் வேலையை இந்த வாரத்திலிருந்து நான் பார்க்கிறேன். ரீஃபண்ட் தாமதமாவது பற்றி நீங்கள் அனுப்பிய குறிப்பைப் படித்துவிட்டேன், அதில்தான் தொடங்குகிறேன். …… சார், உங்களிடம் ஒரு கேள்வி. அந்தத் தாமதம் எல்லா ஆர்டருக்கும் வருகிறதா, சிலவற்றுக்கு மட்டுமா?"

நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். படித்த கல்லூரி, எத்தனை வருட அனுபவம், தெரிந்த மொழிகள் எதுவும் இதில் இல்லை. வேண்டுமென்றால் அவர்கள் கேட்பார்கள். நேரில் என்றால் எதிரே இருப்பவரின் தலையாட்டலைப் பார்த்து நீட்டவோ சுருக்கவோ செய்யலாம். மியூட்டில் ஒரு "ம்" கூட வராது. அந்த "ம்" வராதபோது நாம் சொன்னதையே வேறு வார்த்தையில் திரும்பச் சொல்லத் தொடங்குகிறோம், அறிமுகம் நீள்வது பெரும்பாலும் அப்படித்தான். கடைசி வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டு, அது முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

"நான் பேசுவது கேட்கிறதா?" என்று பொதுவாகக் கேட்க வேண்டாம். மியூட்டில் இருக்கும் பத்துப் பேரில் யாராவது சொல்வார்கள் என்று எல்லாரும் காத்திருப்பார்கள், அப்புறம் மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள். உங்கள் டீமிலிருந்து ஒருவரை ஐந்து நிமிடம் முன்னதாக வரச் சொல்லி, அவரோடு மைக்கைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் கேட்காமல் ஹெட்செட் போடுங்கள். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போனால், எதிரொலியை அடக்கும் வசதி சில சமயம் உங்கள் குரலையும் சேர்த்து அமுக்கிவிடும்.

கேள்வியைக் கேட்டபின் மனதுக்குள் நிதானமாக நான்கு வரை எண்ணுங்கள். அதற்குப் பிறகும் பதில் இல்லை என்றால் அவர் பெயரை மட்டும் இன்னொரு முறை சொல்லுங்கள். ஒருவேளை இருவரும் ஒரே நேரத்தில் பேசிவிட்டால், "நீங்கள் சொல்லுங்கள்" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு உங்கள் மைக்கை மியூட் செய்துவிடுங்கள். திரையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் மியூட் குறி விழுந்ததைப் பார்த்ததும் அவர் தயங்காமல் பேசத் தொடங்குவார்.

அன்புடன்.