ஞாயித்துக்கிழமை காலை பயம்

அன்புள்ள அண்ணா,

வயசு 31, கோயம்புத்தூர்ல ஐடி வேலை. சனிக்கிழமை மட்டும்தான் குடிப்பேன், ஒரு குவார்ட்டர், செட் சேர்ந்துட்டா கூட ஒரு கட்டிங். குடிக்கும்போது வாரம் பூரா இருந்த டென்ஷன் எல்லாம் போயிடுது. ஆனா ஞாயிறு விடியக்காலைல 4 மணிக்கு முழிப்பு வந்து நெஞ்சு படபடன்னு அடிக்குது. ஏதோ பெரிய தப்பு பண்ணிட்ட மாதிரி ஒரு பயம், யாருக்கு என்ன மெசேஜ் அனுப்பினேன்னு போனையே நோண்டிட்டு இருப்பேன். சரக்கு குவாலிட்டிதான் பிரச்சினையா, பீருக்கு மாறினா சரியாகுமா? இல்ல எனக்கு மனசுல எதுவும் வியாதியா? ரூம்மேட் காலைல ஒரு கட்டிங் போடு சரியாயிடும்ங்கறான், தூக்க மாத்திரை ஒரு ஸ்ட்ரிப்பும் குடுத்திருக்கான்.

— பேர் போட வேண்டாம்

தம்பி,

பிராண்ட் கேள்விய மொதல்ல ஓரமா வெச்சுருவோம். காஸ்ட்லி சரக்கு குடிச்சவனும் ஞாயித்துக்கிழமை இதே படபடப்போடதான் எந்திரிக்கறான். பீரும் அப்படித்தான், ஸ்ட்ராங் பீர்னா 8 சதவீதம் வரைக்கும் இருக்கும், 650 மில்லி பாட்டில் ரெண்டு அடிச்சீங்கன்னா உங்க குவார்ட்டர விட அதிக ஆல்கஹால் உள்ள போயிருக்கும். மாறிட்டோம்ங்கற திருப்தி மட்டும்தான் மிச்சம்.

சரி, 4 மணி கணக்குக்கு வருவோம். லேபிள்ல 42.8 சதவீதம்னு போட்டிருக்கும் பாருங்க, அப்படின்னா 180 மில்லி குவார்ட்டர்ல சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். சராசரி ஆளோட ஈரல் மணிக்கு 7, 8 கிராம்தான் எரிக்கும், மோர் குடிச்சாலும் எலுமிச்சை ஜூஸ் குடிச்சாலும் அந்த வேகம் கூடாது. 9 மணிக்கு ஆரம்பிச்சீங்கன்னா குவார்ட்டர் தீர விடியக்காலை 5 மணி ஆயிடும், கூட ஒரு கட்டிங் போட்டிருந்தா இன்னும் 4 மணி நேரம். அதாவது நீங்க முழிக்கற நேரம் ரத்தத்துல ஆல்கஹால் இறங்கிட்டிருக்கற நேரம், பயம் பிறக்கறதும் அந்த இறக்கத்துலதான்.

மூளைல அடக்கி வைக்கற வேலைக்கு காபான்னு ஒரு ரசாயனம் இருக்கு, கிளப்பி விடற வேலைக்கு குளுட்டமேட்னு இன்னொண்ணு. ஆல்கஹால் மொதல் ஆளுக்கு கை குடுக்கும், ரெண்டாவது ஆள அமுக்கும், நீங்க சொல்ற டென்ஷன் போறது இதுதான், பொய்யில்ல, நிஜமாவே போகுது. ஆனா மூளை சும்மா இருக்காது, தன்னை இப்படி ஒரு பக்கமா இழுக்கறாங்கன்னு தெரிஞ்சதும் எதிர்ப்பக்கம் இழுக்க ஆரம்பிச்சுடும், காபாவோட பேச்சை குறைச்சுக்கும், குளுட்டமேட்ட ஏத்திக்கும். கயிறு இழுக்கற போட்டில ஒரு பக்கத்து ஆளுங்க திடீர்னு கயித்த விட்டா இந்த பக்கத்து ஆளுங்க மல்லாக்க விழுவாங்கல்ல, விடியக்காலைல நடக்கறது அதுதான். சரக்கு கைய விட்டுடுது, மூளை இன்னும் இழுத்துட்டு இருக்கு. கூடவே அட்ரினலின் வகையறா ஏறி நெஞ்சு துடிக்குது, ராத்திரி மொத பாதில அமுங்கிக் கிடந்த கனவுத் தூக்கம் பின்பாதில மொத்தமா பொங்கி வருது, தூக்கம் உடையுது. உடம்பு முதல்ல பயந்துடுது, மனசு அதுக்கப்புறம் உக்காந்து காரணம் தேடுது. போனை நோண்டறது அந்த தேடல்தான், நேத்து ராத்திரில சில பகுதி ஞாபகத்துல வேற இல்லன்னா கேக்கவே வேணாம்.

இப்ப அந்த காலை கட்டிங். இதுக்குத்தான் பதில் எழுதவே உக்காந்தேன், உங்க ரூம்மேட் எதிர்ல இருந்தா நல்லா கேட்டிருப்பேன்.

எங்க பெரியப்பா டெய்லர். அவர் தள்ளாடி யாரும் பாத்ததில்ல, அதனாலயே எங்க வீட்ல அவரை குடிகாரர்னு யாரும் சொன்னதில்ல. காலைல ஊசில நூல் கோக்க முடியாது, நூலை எச்சில் பண்ணி நுனிய திரிச்சு காதுகிட்ட கொண்டு போவார், அது பக்கத்துல போய் போய் விலகும். டாஸ்மாக் திறக்க மதியம் 12 ஆகும்ங்கறதால முந்தின ராத்திரி மிச்சத்த நூல்கண்டு டப்பாக்குள்ள வெச்சிருப்பார், அதுல ஒரு மடக்கு உள்ள போச்சுன்னா பத்து நிமிஷத்துல கை நிக்கும், ஊசி கோத்துடும். "பாத்தியா, இது எனக்கு மருந்துடா"ம்பார். நரம்பு தளர்ச்சிக்கு சரக்குதான் மருந்துன்னு அந்த மனுஷன் மனசார நம்பினார். அந்த நடுக்கத்த உண்டாக்கினதே ராத்திரி சரக்கு இறங்கினதுதான்னு சொல்ல எங்க யாருக்கும் தெரியல.

ஸ்கூட்டர்ல இருந்து விழுந்து கால் உடைஞ்சு ஒரு ஆஸ்பத்திரில சேத்தோம். பழக்கம் ஏதும் உண்டான்னு நர்ஸ் கேட்டாங்க, பெரியம்மா கௌரவம் பாத்துட்டு அதெல்லாம் இல்லைங்கன்னுட்டாங்க. மூணாவது நாள் அவருக்கு காய்ச்சல், வேர்வைல சட்டை நனைஞ்சு போச்சு, பெட்ஷீட்ல எறும்பு ஊருதுன்னு பொறுக்கறார். அப்புறம் ஆஸ்பத்திரிய தன்னோட கடைன்னு நெனச்சுட்டு காத்துல ஊசி கோத்து தைக்க ஆரம்பிச்சுட்டார், கட்டு போடாத காலால மெஷின் மிதிக்கறார். காத்து கருப்புன்னு சொந்தக்காரங்க வேப்பிலை தேடறாங்க. டாக்டர் வந்து பாத்துட்டு, குடிப்பாரான்னு இன்னொரு தடவை அழுத்தி கேட்டதுக்கப்புறம்தான் உண்மை வெளிய வந்துச்சு. தயமின் ஊசியும் லோரசெபாமும் போட்டாங்க, நாலஞ்சு நாள்ல தெளிஞ்சார். கொஞ்சம் லேட்டாயிருந்தா உயிருக்கே ஆபத்துன்னாங்க. தினம் குடிக்கறவங்க படக்குன்னு நிறுத்தினா 6 மணி நேரத்துல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டுல இருந்து நாலு நாளுக்குள்ள இந்த மாதிரி புத்தி மாறாட்டம் வரலாம். அப்படிப்பட்டவங்க நிறுத்தறத ஆஸ்பத்திரிலதான் செய்யணும், டாக்டர்கிட்ட மறைக்கவே கூடாது.

உங்கள பயமுறுத்த இத சொல்லல. வாரத்துல ஒரு நாள் குடிக்கற மூளை அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் இழுத்திருக்காது, உங்களுக்கு ஞாயிறு சாயந்தரத்துக்குள்ள அடங்கிடும். ஆனா உங்க படபடப்பும் பெரியப்பா கை நடுக்கமும் ஒரே விஷயத்தோட சின்னதும் பெருசும். காலைல கட்டிங் போட்டா அடங்கும், ரூம்மேட் சொன்னது வேலை செய்யும், அதுதான் அதுல இருக்கற விஷமே. பாக்கி தீரல, சாயந்தரத்துக்கு தள்ளிப் போகுது, அதுக்குள்ள மூளை இன்னும் கொஞ்சம் பலமா இழுக்க கத்துக்குது. குடிப்பழக்கத்த கண்டுபிடிக்க டாக்டருங்க கேக்கற நாலு கேள்வில ஒண்ணு, காலைல எந்திரிச்சதும் குடிச்சிருக்கீங்களாங்கறது. அதைப் போய் ஐடியான்னு குடுக்கறான் பாருங்க.

வியாதியான்னு கேட்டிருந்தீங்க. இப்பவே சொல்ல முடியாது, சரக்கு நடுவுல நிக்கும்போது யாராலயும் சொல்ல முடியாது. நாலு சனிக்கிழமை சும்மா இருங்க, செட்டோட போங்க, சோடா குடிங்க. ஞாயிறு பயம் காணாம போச்சுன்னா அது சரக்கோடதுதான். பயம் அப்பவும் வந்துச்சுன்னா, இல்ல வாரம் பூரா இருக்கற டென்ஷன் தூக்கத்த கெடுக்குதுன்னா, அது தனி விஷயம், மனநல டாக்டர பாருங்க, 14416 டெலிமானஸ் நம்பருக்கு ஃபோன் பண்ணாலும் தமிழ்ல பேசுவாங்க. நாலு சனிக்கிழமை சும்மா இருக்கவே முடியலன்னாலும் அதே நம்பர்தான். நெஞ்சு துடிப்பு தாறுமாறா தாளம் தப்பி அடிச்சா, மூச்சு வாங்கினா, மயக்கம் வந்தா மட்டும் காத்திருக்காதீங்க, உடனே போய் ஈசிஜி எடுத்துருங்க, ஓவரா குடிச்ச மறுநாள் இதயத் துடிப்பு நிஜமாவே தடம் புரள்றதும் உண்டு.

அந்த ஸ்ட்ரிப்ப திருப்பி குடுத்துருங்க. பேர் எழுதல நீங்க, அல்பிரசோலம் வகையா இருந்தா அதுவும் ஆல்கஹால் கை வெக்கற அதே காபா இடத்துலதான் போய் உக்காரும், விடியக்காலை 4 மணிக்கு ரத்தத்துல சரக்கு இன்னும் மிச்சம் இருக்கறப்ப அதையும் போட்டா மூச்சே மெதுவாயிடும். டாக்டர் எழுதாத மாத்திரை எந்த ரூம்மேட் குடுத்தாலும் வேண்டாம்.