முதல் கேள்வி மாமனாருக்கா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஊர் சிறு தேயிலை விவசாயிகளுக்காக அடுத்த மாதம் சமுதாயக் கூடத்தில் கேள்வி பதில் கூட்டம் நடக்கிறது. 200 பேர் வருவார்கள். தேயிலை வாரிய அதிகாரி, கூட்டுறவுத் தொழிற்சாலை மேலாளர், தோட்டக்கலை அலுவலர் மூவரும் மேடையில் இருப்பார்கள். ஒன்றரை மணி நேரக் கூட்டத்தை நான் நடத்த வேண்டுமாம். எனக்கு மேடை என்றாலே கை நடுங்கும். யார் மனமும் புண்படாமல் விதிகளை எப்படிச் சொல்லித் தொடங்குவது? சங்கத்தின் முன்னாள் தலைவரான என் மாமனார் முதல் கேள்வி கேட்பதாக வீட்டில் பேசி முடித்துவிட்டோம், அந்தக் கவலை இல்லை.
— ஓர் ஆசிரியை, கோத்தகிரி

பதில்: கை நடுங்கினால் நடுங்கட்டும், மைக்கை ஸ்டாண்டில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு உறுத்துவது உங்கள் கடைசி வரி. ஊர்க் கூட்டத்தின் முதல் கேள்வி யாருக்கு என்று உங்கள் வீட்டுக் கூடத்தில் பேசி முடித்திருக்கிறீர்கள். அதில் கவலையே இல்லை என்று வேறு எழுதுகிறீர்கள். நான் கவலைப்படச் சொல்வதே அதற்குத்தான்.

இதேபோன்ற கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. பெரியவர், மாமா, தலைவர் என்று யாரோ ஒருவருக்காக வரிசை முன்பே வளைக்கப்பட்டிருக்கும். அதன் பிறகு விதிகளை எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் கூட்டம் நம்பாது. ‘ஒருவருக்கு ஒரு நிமிடம்’ என்று நீங்கள் அறிவித்த கையோடு உங்கள் மாமனார் எழுந்து பழைய போராட்டங்களைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் பேசினால், நீங்கள் அவரை நிறுத்துவீர்களா? மாட்டீர்கள். அடுத்து எழுபவரை ஒரு நிமிடத்தில் நிறுத்த எந்த முகத்தோடு முயல்வீர்கள்?

முதல் கேள்வியில் இன்னொன்றும் இருக்கிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக 10 நாடுகளில் 247 கல்விக் கருத்தரங்குகளை உட்கார்ந்து கவனித்தார்கள். முதல் கேள்வியை ஆண் கேட்ட அமர்வுகளில் அதற்குப் பிறகு பெண்கள் கேட்ட கேள்விகளின் பங்கு குறைந்தது. படித்தவர்கள் கூடிய அறையிலேயே அப்படி. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும், கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு எடை பிடித்தம் பற்றிக் கேட்க ஆயிரம் இருக்கும். முன்னாள் தலைவர் முழங்கி முடித்த பிறகு அவள் வாயைத் திறப்பாளா? முதல் கேள்வியைப் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்ணிடம் வாங்குங்கள். கூட்டத்துக்கு முன்பே நாலைந்து பேரிடம் பேசி, கேள்வியோடு தயாராக இருக்கச் சொல்லுங்கள். பேசத் தயங்குபவர்களுக்கு நுழைவாயிலிலேயே துண்டுச்சீட்டும் பேனாவும் கொடுக்க ஓர் ஆளை நிறுத்துங்கள். எழுதத் தெரியாதவர் சொன்னால் அந்த ஆளே எழுதட்டும்.

இனி நேரக் கணக்கு. உங்களிடம் 90 நிமிடம். தொடக்கத்துக்கு 4, மேடையில் உள்ள மூவருக்கும் ஆளுக்கு 5 என்று 15, முடிவில் பதில் கிடைக்காத கேள்விகளை வாசிக்க 7. மிச்சம் 64. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம், பதிலுக்கு இரண்டு, மைக் அடுத்தவரிடம் போய்ச் சேர ஒன்று. ஆகப் பதினாறு கேள்விகள்தான். உங்கள் மாமனாரின் பன்னிரண்டு நிமிடம் மூன்று பேருடைய முறையை விழுங்கிவிடும். இந்தக் கணக்கைக் கூட்டத்திடமே சொல்லுங்கள். விதி உங்கள் கெடுபிடியால் வரவில்லை, கடிகாரத்தால் வருகிறது என்று அவர்களுக்கே புரியும். யார் மனமும் ஏன் புண்படப்போகிறது?

தொடங்கும்போது குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை எதுவும் வேண்டாம். சொல்ல வேண்டியது ஏறத்தாழ இவ்வளவுதான்:

“வணக்கம். பசுந்தேயிலை விலை, எடை, பணம் வரும் தாமதம் பற்றிக் கேட்கவே இன்று கூடியிருக்கிறோம். மாதாந்திர விலை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதற்கு வாரிய அதிகாரி பதில் சொல்வார். எடை பிடித்தத்துக்கும் பட்டுவாடாவுக்கும் தொழிற்சாலை மேலாளர். செடி, உரம், மானியத்துக்குத் தோட்டக்கலை அலுவலர். தேயிலைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை வேண்டும் என்ற கோரிக்கை நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அதை முடிவு செய்யும் அதிகாரம் இந்த மேடையில் யாருக்கும் இல்லை, மத்திய அரசுக்குத்தான் உண்டு. அதை மனுவாகத் தனியே எழுதி எல்லோரும் கையெழுத்திடுவோம். பதினாறு பேருக்குத்தான் நேரம் இருக்கிறது. பெயரும் ஊரும் சொல்லி ஒரே ஒரு கேள்வி, ஒரு நிமிடம். பதில் இரண்டு நிமிடம், மேடைக்கும் இதே கடிகாரம்தான். இங்கே பதில் இல்லாத கேள்வியைச் செயலாளர் எழுதிக்கொள்வார். யார், எந்தத் தேதிக்குள் பதில் தருவார் என்பதை முடிவில் வாசிப்பேன். சரியாக ஐந்தரைக்கு முடிப்போம்.”

இதில் எதையும் விட்டுவிடாதீர்கள். குறிப்பாக, யார் எதற்குப் பதில் சொல்ல முடியும் என்ற பகுதியை. அதைச் சொல்லாமல் தொடங்கினால் ஆதரவு விலைக் கேள்வியே பத்துப் பேர் வாயில் பத்து வடிவில் வரும். வாரிய அதிகாரியும் ‘மேலிடத்துக்குத் தெரிவிக்கிறோம்’ என்று பத்து முறை சொல்லித் தப்பித்துக்கொள்வார். மேடைக்கும் நேர விதி உண்டு என்று அதிகாரிகளின் காதுபடச் சொல்வதும் அவசியம். விவசாயிக்கு மட்டும் விதி போடும் கூட்டங்களைப் பார்த்துப் பார்த்து நம் ஆட்களுக்குச் சலித்துவிட்டது.

சொன்னதை முதல் மீறலிலேயே காப்பாற்றுங்கள். மூன்றாவது ஆளிடம் கறார் காட்டினால் அது அவர்மீதுள்ள பகையாகத் தெரியும். மைக் கேட்பவர் கைக்குப் போகக் கூடாது. தன்னார்வலர் ஒருவர் அவர் முன்னால் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். மைக்கைக் கையில் வாங்கியவரிடமிருந்து திரும்பப் பிடுங்குவது கைகலப்பில்தான் முடியும். ஒரு நிமிடம் தாண்டினால் நீங்கள் எழுந்து நின்று, “ஐயா, உங்கள் கேள்வி என்ன?” என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் கேள்வி அந்த நொடியே வந்துவிடும். வராவிட்டால் மைக்கை நகர்த்தச் சொல்லுங்கள். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால், “இதே கேள்வி இன்னும் எத்தனை பேருக்கு?” என்று கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையைச் செயலாளரிடம் எழுத வையுங்கள். நாற்பது கை ஒன்றாக உயர்வதைப் பார்க்கும் மேலாளர் அதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது.

மாமனாருக்கு வருகிறேன். பெரியவர்களை மதிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. அவருக்குச் சோறு பரிமாறிவிட்டு நீங்கள் சாப்பிடுங்கள், அவர் வந்தால் எழுந்து நில்லுங்கள். அது வீட்டுக் கடமை. ஊர் உங்களை நம்பிக் கொடுத்த மைக்கை அவருக்கு ஒதுக்குவது கடமையில் சேராது, சலுகை அது. கணவரைத் தூது விடாமல் நீங்களே அவரிடம் உட்கார்ந்து சொல்லுங்கள்: “மாமா, முதல் கேள்வியை உங்களுக்குத் தர முடியாது. நடத்துபவர் வீட்டு ஆள் கேட்டால் ஊர் என்னை நம்பாது. உங்கள் கேள்வியை வேறு யார் கேட்டால் எடுபடும் என்று நீங்களே சொல்லுங்கள்.” சங்கத்தை நடத்தியவருக்கு இது புரியாமல் போகாது. புரியாததுபோல் இருந்தால் அவருடைய பிடிவாதத்தைச் சமாளிக்கும் வேலையை மகனிடம் விட்டுவிடுங்கள், ஆனால் முடிவை மாற்றாதீர்கள்.

‘எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் பேச முடியாது’ என்றால், இந்தக் கூட்டத்தை நடத்த ஒப்புக்கொள்ளாதீர்கள். சங்கச் செயலாளரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். பக்கத்து ஊர் ஆசிரியர் யாரையாவது பார்க்க அவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.