ஒரே ஒரு பள்ளியை ஆராய்ந்தால் போதுமா? கேள்வி பதில்

எம்.எட். மாணவி: மேடம், ஓர் அரசுப் பள்ளியை மட்டும் எடுத்துக் கேஸ் ஸ்டடி செய்கிறேன். "ஒன்றை வைத்து எல்லாப் பள்ளிக்கும் எப்படிச் சொல்வாய்?" என்று வைவாவில் மடக்குவார்கள் என்கிறார் என் கைடு.

எல்லாப் பள்ளிக்கும் சொல்லாதீர்கள், அவ்வளவுதான். எத்தனை பள்ளிகளில் ஒன்று நடக்கிறது என்பது சர்வே சொல்ல வேண்டியது. அது எப்படி நடக்கிறது, என்னென்ன சேர்ந்தால் நடக்கிறது என்பதுதான் நீங்கள் சொல்ல வேண்டியது.

1970இல் ரே ரிஸ்ட் என்ற சமூகவியலாளர் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு கிண்டர்கார்டன் வகுப்பு. பள்ளி திறந்த எட்டாம் நாளே ஆசிரியை பிள்ளைகளை மூன்று மேசைகளுக்கு நிரந்தரமாகப் பிரித்துவிட்டார். திறனறியும் தேர்வு எதுவும் அதற்குமுன் நடக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சேர்க்கைப் படிவம், எந்த வீடு அரசு உதவித்தொகை வாங்குகிறது என்ற தகவல், அண்ணன் அக்காக்களைப் பற்றிய பேச்சு. ஓரளவு வசதியான வீட்டுப் பிள்ளைகள் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள். பாடமும் பெரும்பாலும் அந்த மேசைக்கே போனது.

ரிஸ்ட் அதோடு நிறுத்தவில்லை, அதே பிள்ளைகளை இரண்டாம் வகுப்புவரை பின்தொடர்ந்தார். முதல் வகுப்பு ஆசிரியை, கிண்டர்கார்டன் பாடத்தை யார் முடித்திருந்தார்கள் என்று பார்த்துப் பிரித்தார். பின்மேசைக்காரர்கள் முடித்திருக்கவில்லை. இரண்டாம் வகுப்பில் வாசிப்பு மதிப்பெண் வந்துவிட்டது. அங்கே குழுக்களுக்கு டைகர்ஸ், கார்டினல்ஸ், க்ளவுன்ஸ் என்று பெயர். கடைசிக் குழு எது என்று சொல்லத் தேவையில்லை. எட்டாம் நாள் ஊகம் இரண்டே ஆண்டில் பதிவேட்டு உண்மையாகிவிட்டது. ஒரே இடத்தில் கூடவே இருந்து பார்த்ததால்தான் இது தெரிந்தது.

இதிலிருந்து வெளியே கொண்டுபோகக்கூடிய கூற்று இது: திறமை தெரியுமுன் குடும்ப விவரம் ஆசிரியருக்குத் தெரிந்து, அதை வைத்து நிரந்தரமாகப் பிரித்து, அதன் விளைவை அடுத்த ஆசிரியர் ஆதாரமாக எடுத்துக்கொண்டால், முதல் பிரிவினை இறுகிப்போகும்.

தலைமை ஆசிரியர் ஒருவர்: எங்கள் பள்ளியிலும் ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன் உண்டு. அப்படியென்றால் அந்த ஆய்வு எங்களைப் பற்றியதுதானே?

செக்‌ஷன் இருப்பதால் மட்டும் இல்லை, சார். எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்? போன வருடம் பி-யிலிருந்து ஏ-வுக்கு யாராவது மாறினார்களா? அடுத்த ஆசிரியர் கையில் என்ன விவரம் போகிறது? பள்ளிப் பதிவேடுகளை எடுத்து இந்த மூன்றையும் பாருங்கள். தேர்வுக்குத் தேர்வு கலைத்துப் போடுகிறீர்கள் என்றால் உங்கள் பள்ளியில் பிரிவினை இறுகக் கூடாது. கலைத்தும் இறுகினால், மேலே சொன்ன கூற்றைத் திருத்த வேண்டியதுதான். ஆய்வுக்கு இரண்டாவது பள்ளி தேடுகிறவர்கள் உங்களிடம்தான் வர வேண்டும்!

ஓர் ஆய்வாளர்: சராசரியான பள்ளியாக எடுத்தால்தான் பொதுமைப்படுத்த முடியும் என்று படித்திருக்கிறேன்.

சில கேள்விகளுக்குச் சரி. ஆனால் எது சராசரி என்று தெரிய முதலில் சர்வே வேண்டுமே. எதிர்த்தரப்பு விளக்கம் எடுபடாத இடத்தைத் தேடுவது இன்னும் பலன் தரும். ரிஸ்ட் பார்த்த வகுப்பில் பிள்ளைகள் எல்லோரும் கறுப்பினத்தவர், ஆசிரியையும் அப்படியே. அதனால் வெள்ளை ஆசிரியர், கறுப்பு மாணவர் என்ற இன வேறுபாட்டால் நடந்தது என்று அங்கே யாரும் சொல்ல முடியவில்லை. வர்க்கம் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்: சர்க்கரை நோயாளிகள் ஏன் மாத்திரை வாங்க வருவதை நிறுத்துகிறார்கள் என்று பார்க்கிறேன். 200 பேருடைய நோட்டு இருக்கிறது. என் ஸாம்பிள் 200 தானே?

நோயாளிகள் 200 பேர், நிலையம் ஒன்று. உங்கள் நிலையத்தில் யார் நிற்கிறார்கள், யார் தொடர்கிறார்கள் என்று ஒப்பிட அந்த 200 உதவும். டோக்கன் முறையோ மருந்துத் தட்டுப்பாடோ காரணம் என்று சொல்லப் போனால் எண்ணிக்கை ஒன்றுதான், ஏனென்றால் 200 பேரும் அதே வரிசையில்தான் நின்றார்கள்.

அப்புறம், வராதவர் எல்லோரும் மாத்திரையை நிறுத்தியவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபிறகு சிலருக்கு வீட்டுக்கே மாத்திரை போகிறது. முதலில் உங்கள் நோட்டை அந்தத் திட்டப் பதிவோடு வைத்துப் பாருங்கள். மீதியுள்ளவர்களில் தனியார் கடையில் வாங்குவோர், ஊர் மாறியோர், உண்மையிலேயே விட்டவர் என்று வீடுவீடாகப் பிரியுங்கள். கடைசி வகையினரிடம்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. விட்டுவிடுவார் என்று நீங்கள் நினைத்தும் விடாமல் வருகிறவர் நாலைந்து பேரிடமும் பேசுங்கள்.

புள்ளியியல் ஆசிரியர்: அந்த எட்டாம் நாளில் ஆசிரியை சரியாகவே கணித்திருந்தால்? மேசை காரணமில்லையே.

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அன்றைய திறனுக்குத் தனி அளவீடு இல்லாததால் அதை அந்த ஆய்வால் முழுதாக மறுக்க முடியாது. பின்மேசைக்குப் பாடம் குறைவாகப் போனது நேரில் பார்த்தது, அது நிற்கும். ஆனால் பிற்கால வித்தியாசத்தில் எவ்வளவு மேசையால், எவ்வளவு முன்பே இருந்தது என்று பிரிக்க அந்த வகுப்பில் வழியில்லை. நான் மேசைப் பக்கம் சாய்கிறேன். நீங்கள் சாய வேண்டியதில்லை.