0.2 மீட்டரை எப்படி விற்பது?

கேள்வி: நீர்வளப் பொறியியலில் பிஎச்.டி. ஐந்தாம் ஆண்டு. கண்காணிப்புக் கிணறுகளின் மாதாந்திர அளவீடுகளை வைத்து அடுத்த மாத நிலத்தடி நீர்மட்டத்தைக் கணிப்பதுதான் ஆய்வு. ஆர்எம்எஸ்இ பிழை 0.9 மீட்டரிலிருந்து 0.7 ஆகக் குறைந்தது. டேட்டா சயின்டிஸ்ட் வேலைக்கு விண்ணப்பித்து வருகிறேன். போன வாரம் ஒரு நேர்காணலில், "சரி, இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். என் ஆய்வில் பணமே இல்லையே, அதை எப்படிக் கம்பெனி பாஷையில் சொல்வது?

பதில்: இதே இடத்தில் நானும் விழித்திருக்கிறேன். பிஎச்.டி. முடித்த கையோடு போன முதல் நேர்காணலில் என் மாதிரியைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். எதிரே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "திங்கட்கிழமை காலையில் இதைப் பார்த்து யார் என்ன செய்வார்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இப்போது ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அதையேதான் கேட்கிறேன். அவர் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அவர் கேட்டது ஒரு முடிவைப் பற்றி. கணிப்பு மாறினால் யாரோ ஒருவர் எடுக்கும் முடிவு மாற வேண்டும். அந்த முடிவு மாறினால்தான் செலவு மாறும். நீங்கள் கணிப்பிலிருந்து நேராகப் பணத்துக்குத் தாவப் பார்க்கிறீர்கள், அதனால்தான் தடுக்குகிறது.

உங்கள் விஷயத்தில் அந்த முடிவை யார் எடுப்பார்? ஊருக்குக் குடிநீர் தரும் ஆழ்துளைக் கிணறுகளைப் பராமரிக்கும் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். நீர்மட்டம் மோட்டார் இருக்கும் ஆழத்துக்கு இறங்கிவிட்டால் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிப் புகைந்துபோகும். முன்பே தெரிந்தால் ஆளனுப்பி, கூடுதல் குழாய் கோத்து மோட்டாரைக் கீழே இறக்கிவிடலாம். ஆக, மாதா மாதம் ஒவ்வொரு கிணற்றுக்கும் அவருக்கு ஒரே கேள்விதான்: ஆளனுப்பலாமா, வேண்டாமா? அவருக்கு 0.7 மீட்டர் பிழையால் ஒன்றும் ஆகப்போவதில்லை. எல்லைக்கு நெருக்கமான கிணறுகளில் மட்டும் உங்கள் கணிப்பு சரியாக இருந்தால் போதும். நீர்மட்டம் எங்கோ மேலே இருக்கும் கிணற்றில் அரை மீட்டர் பிசகினாலும் அவர் கவலைப்பட மாட்டார்.

எனவே முதல் வேலை, சோதனைக்கு ஒதுக்கிவைத்த காலத்தை மறுபடி திறந்து, மீட்டர் கணக்கை விட்டுவிட்டு முடிவுகளை எண்ணுவது. "மோட்டாருக்கு மேல் 3 மீட்டருக்குள் நீர்மட்டம் வந்தால் அபாயம்" என்று ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எண்கள் என்னிடம் இல்லை, அதனால் ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். 24 மாதச் சோதனைக் காலத்தில் அப்படி 30 அபாயங்கள் வந்தன. "போன வருடம் இதே மாதம் எவ்வளவோ, அதேதான் இப்போதும்" என்கிற எளிய முறை அவற்றில் 14-ஐப் பிடித்தது, 11 தடவை வீண் எச்சரிக்கை கொடுத்தது. உங்கள் மாதிரி 23-ஐப் பிடித்தது, ஆனால் 19 தடவை வீணாக அலறியது.

இந்த இடத்தில் பெரும்பாலான ஆராய்ச்சி மாணவர்கள் 19-ஐ மறைக்கப் பார்ப்பார்கள். மறைக்காதீர்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. எளிய முறையை நம்பினால் 16 அபாயங்கள் தப்பிப்போகும், 25 பயணங்கள் போக வேண்டும். உங்கள் மாதிரியை நம்பினால் தப்புவது 7, பயணங்கள் 42. தப்பிப்போகும் ஒவ்வோர் அபாயமும் ஒரு மோட்டார் பழுதில் முடியும் என்று வைத்துக்கொண்டால், 17 பயணங்களைக் கூடுதலாகச் செலவழித்து 9 பழுதுகளைத் தவிர்க்கிறீர்கள். இது லாபமா நஷ்டமா என்பது ஒரு மோட்டார் பழுது எத்தனை பயணங்களின் செலவுக்குச் சமம் என்பதைப் பொறுத்தது. 17-ஐ 9-ஆல் வகுத்தால் சுமார் 1.9. ஒரு பழுது இரண்டு பயணங்களின் செலவை எட்டினாலே உங்கள் மாதிரி வென்றுவிடுகிறது. மோட்டாரை வெளியே எடுத்து, காயில் கட்டி, மறுபடி இறக்குவதற்கு ஆகும் செலவைப் பார்த்தவர் யாரும் இந்த விகிதத்தோடு சண்டைக்கு வரமாட்டார்.

கவனியுங்கள், இதுவரை ஒரு ரூபாய்கூட நான் சொல்லவில்லை. உங்கள் ஆய்வில் பணம் இல்லை என்றீர்கள், தேவையும் இல்லை. எந்த விகிதத்துக்கு மேல் போனால் லாபம் என்று சொன்னாலே எதிரே இருப்பவர் தன் தொழிலின் எண்களைத் தானே பொருத்திப் பார்த்துக்கொள்வார். ரூபாயில் சொல்ல ஆசையாக இருந்தால் களத்தில் இருக்கும் ஒரு பொறியாளருக்கு போன் போட்டுக் கேளுங்கள். பயணத்துக்கு 4,000, பழுதுக்கு 30,000 என்று அவர் சொன்னதாக வைத்துக்கொள்வோம். எளிய முறையில் மொத்தச் செலவு 5,80,000 ரூபாய், உங்கள் முறையில் 3,78,000. "செலவு எண்கள் களப்பொறியாளரிடம் கேட்டவை" என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இப்போது ரெஸ்யூமேக்கு வருவோம். உங்களுடையதில் அநேகமாக இப்படி ஒரு வரி இருக்கும்: "நீள்-குறுகியகால நினைவு வலையமைப்பின் மூலம் நிலத்தடி நீர்மட்டக் கணிப்பில் ஆர்எம்எஸ்இ 22% குறைக்கப்பட்டது." அதை எடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "கிணறு வறளும் அபாயத்தை ஒரு மாதம் முன்பே சொல்லும் மாதிரி உருவாக்கினேன். 24 மாதத் தரவில் பின்னோக்கிச் சோதித்ததில் 30 அபாயங்களில் 23-ஐப் பிடித்தது (பழைய முறை 14). ஒரு பழுதின் செலவு இரண்டு பயணங்களுக்கு மேல் இருந்தால் லாபம்." மாதிரியின் பெயர் திறன்கள் பகுதியில் இருந்தால் போதும். கட்டுரைப் பட்டியல் கடைசியில் இரண்டு வரி.

"பின்னோக்கிச் சோதித்ததில்" என்ற சொல்லை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். "இரண்டு லட்சம் மிச்சப்படுத்தினேன்" என்று எழுதி வருபவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். "யார் மிச்சப்படுத்தினார்கள்? எந்த மாதத்திலிருந்து அமலில் இருக்கிறது?" என்று கேட்டதும் முகம் மாறிவிடும். மிச்சமாகியிருக்கும் என்பது வேறு, மிச்சமானது என்பது வேறு. இன்னொன்று, கண்காணிப்புக் கிணறும் குடிநீர்க் கிணறும் ஒன்றல்ல. குடிநீர்க் கிணற்றில் மோட்டார் ஓடும்போது அங்கே நீர்மட்டம் இன்னும் கீழே போகும். இந்த வரம்பை அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட்டால் உங்கள் மற்ற எண்களையும் நம்புவார்கள்.

அந்த எண்களை நம்பலாமா என்பதை முதலில் நீங்களே பார்த்துவிடுங்கள். உங்களைப் போன்ற தரவில் நான் அடிக்கடி பார்க்கும் ஓட்டை, விடுபட்ட அளவீடுகளை நிரப்பிய விதத்தில் இருக்கும். மழையில் ஆள் போகாத மாதம், பூட்டிக் கிடந்த கிணறு என்று இடைவெளிகள் இருக்கும். அவற்றை இரு பக்க மதிப்புகளுக்கும் நடுவில் கோடு போட்டு நிரப்பியிருப்பீர்கள். ஆய்வுக் கட்டுரையில் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஜூன் மாத இடைவெளியை நிரப்ப ஜூலை அளவீடு தேவைப்பட்டிருக்கிறது. அப்புறம் அந்த ஜூனை வைத்து ஜூலையைக் கணித்தால், மாதிரி விடையை எட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறது என்று அர்த்தம்.

```python
df = df.sort_values(["well_id", "date"])
g = df.groupby("well_id")["level"]

# எதிர்காலத்தை எட்டிப் பார்க்கும்
df["fill_a"] = g.transform(lambda s: s.interpolate())

# கடந்த காலத்தை மட்டும் பயன்படுத்தும்
df["fill_b"] = g.ffill()
```

இரண்டாவது முறையில் நிரப்பி மாதிரியை மறுபடி பயிற்றுவித்து, அதே 30 அபாயங்களை எண்ணுங்கள். நிரப்பப்பட்ட மாதங்களை அடுத்துவரும் கணிப்புகளில் மட்டும் உங்கள் மாதிரி அதிசயமாகத் துல்லியமாக இருந்திருந்தால், ஓட்டை அங்கேதான். 23 என்பது 19 ஆகலாம். ஆகட்டும், அந்த 19-ஐயே எழுதுங்கள். வீண் எச்சரிக்கைகள் அப்படியே 19-ல் நின்றால் கூடுதல் பயணங்கள் 13, தவிர்த்த பழுதுகள் 5, விகிதம் 2.6. அப்போதும் கதை நிற்கிறது. நேர்காணலில் இந்தத் திருத்தத்தைச் சொல்வது 23-ஐச் சொல்வதைவிட நல்ல பெயர் வாங்கித் தரும் என்பது என் அனுபவம். ஏனென்றால் எங்கள் வேலையில் பாதி நேரம் இந்த மாதிரி ஓட்டைகளைத் தேடுவதிலேயே போகிறது.

கிணற்றுக் கதை முடிந்ததும் அவர்கள் தங்கள் தொழிலுக்கு வருவார்கள். மளிகைக் கடைச் சங்கிலி என்றால், "இட்லி மாவு பாக்கெட் தினமும் எத்தனை அனுப்புவது?" என்று கேட்கக்கூடும். சராசரி விற்பனையைக் கணிப்பேன் என்று சொல்லிவிடாதீர்கள், கிணற்றில் பார்த்த அதே சமனற்ற செலவு இங்கேயும் உண்டு. பாக்கெட் அடக்கம் 35 ரூபாய், விலை 50, மிஞ்சினால் புளித்துக் குப்பைக்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று குறைந்தால் இழப்பு 15, ஒன்று மிஞ்சினால் இழப்பு 35. 15-ஐ இரண்டு இழப்புகளின் கூட்டுத்தொகையான 50-ஆல் வகுத்தால் 0.3. அதாவது 100 நாளில் 30 நாள் மட்டுமே தேவை அதற்குள் அடங்கும் அளவுக்குத்தான் அனுப்ப வேண்டும், மற்ற நாட்களில் மாவு தீர்ந்துபோவதே லாபம். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் கணக்கு அதுதான். காலி அலமாரியைப் பார்த்துவிட்டுப் போனவர் மாதச் சாமானையும் வேறு கடையில் வாங்கிவிட்டால் இழப்பு 15 ரூபாயோடு நிற்காது, அப்போது 0.3 மேலே ஏறும். "அந்த இழப்பை நீங்கள் எவ்வளவாகக் கணக்கு வைக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். நல்ல கேள்வி, அவர்களிடமும் பெரும்பாலும் உறுதியான பதில் இருக்காது.

இதற்கு உங்களுக்குத் தேவைப்படுவது சராசரிக் கணிப்பு அல்ல, கணிப்பின் முழுப் பரவல். ஆய்வேட்டில் தேர்வாளர் கேட்டார் என்பதற்காக கணிப்பு இடைவெளி என்று ஒரு பின்னிணைப்பு போட்டிருப்பீர்களே, அதை முன்னால் கொண்டுவாருங்கள். தேவைக் கணிப்பு, சரக்கு இருப்பு, இயந்திரப் பராமரிப்பு ஆகிய குழுக்களுக்கு விண்ணப்பித்தால் இந்தப் பேச்சு நேராக எடுபடும். விளம்பரச் சோதனை செய்யும் குழுக்களில் இதே கதை அவ்வளவு சுலபமாக ஒட்டாது, அங்கே வேறு அத்தியாயம் தேடவேண்டும். எஸ்கியூஎல் மட்டும் கையில் ஓட வேண்டும். ஐந்து வருடம் சிஎஸ்வி கோப்பிலேயே வாழ்ந்திருந்தால், உங்கள் கிணற்றுத் தரவையே ஓர் அட்டவணையில் ஏற்றி, ஒவ்வொரு கிணற்றுக்கும் முந்தைய மாத மதிப்பை LAG() வைத்து எடுத்துப் பழகுங்கள். முதல் சுற்றிலேயே அதைக் கேட்பார்கள்.