வயிறு நிறைந்தாலும் குடல் ஓயாது

கேள்வி: ஐயா, காலை ஏழேகாலுக்குப் பிட்டும் சம்பலும் சாப்பிட்டு, பால்தேத்தண்ணியும் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். எட்டரைக்கு மாதிரிப் பரீட்சை தொடங்கி மண்டபம் அமைதியானதும் வயிறு கடமுடாவென்று கத்துகிறது. பக்கத்து மேசைப் பிள்ளை திரும்பிப் பார்க்கிறாள். எனக்குப் பசியே இல்லை. கேஸ்ட்ரிக் மாத்திரை போட்டும் நிற்கவில்லை. பரீட்சையன்று சாப்பிடாமலே போகட்டுமா?
– உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: வேண்டாம் மகள். அது இன்னும் மோசம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அந்தச் சத்தத்தைப் பசியின் குரல் என்று நமக்கு யாரோ சின்ன வயதில் சொல்லிவிட்டார்கள். அது குழாய்ச் சத்தம். குடலின் தசை சுருங்கி, உள்ளே இருக்கும் நீரையும் காற்றையும் சேர்த்துத் தள்ளும்போது குமிழிகள் உருளுகின்றன. தண்ணீர் மட்டும் இருந்தால் பெரிதாகக் கேட்காது. காற்றும் கலந்தால்தான் கடமுடா.

இப்போது உங்கள் காலைச் சாப்பாட்டைப் பின்தொடர்வோம். பிட்டு ஒரு மணித்தியாலத்தில் இரைப்பையை விட்டுப் போகாது. அதில் பாதி இறங்கவே ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். தேத்தண்ணி அப்படி இல்லை, முன்னாலேயே ஓடிவிடும். ஆகவே எட்டரை மணிக்கு, மேலே இரைப்பை நிறைந்திருக்கிறது. கீழே சிறுகுடலில் தேத்தண்ணியும், செரிப்பதற்குச் சுரந்த நீரும், நீங்கள் விழுங்கிய காற்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ‘வயிறு நிறைந்திருக்கிறதே’ என்று நீங்கள் சொல்வது மேல்மாடியைப் பற்றி. சத்தம் வருவது கீழ்மாடியிலிருந்து.

காற்று எப்படி விழுங்கப்பட்டது? பஸ் போய்விடும் என்று மெல்லாமல் அள்ளிப் போட்ட பிட்டோடும், சூட்டில் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்த தேத்தண்ணியோடும்தான். அதில் பெரும்பகுதி ஏப்பமாக வந்துவிடும். மிச்சம் கீழே போகும்.

இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன்: முந்தின இரவு என்ன சாப்பிட்டீர்கள்? கடலையோ கௌப்பியோ என்றால், அவற்றிலுள்ள சில சர்க்கரைகளை நம் சிறுகுடலால் உடைக்க முடியாது. அவை மணித்தியாலக் கணக்கில் பயணித்துப் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்து வாயுவாகும். காலையில் இரைப்பைக்குள் உணவு விழுந்ததும் பெருங்குடலும் அசையத் தொடங்கும். சாப்பிட்ட கையோடு பலருக்கு மலசலகூடம் ஞாபகம் வருவது இதனால்தான். ஆக, பழியைக் காலைப் பிட்டின்மேல் போட்டாலும், கத்துவது இரவுக் கடலையாக இருக்கலாம்.

வீட்டில் இது ஏன் கேட்பதில்லை? கேட்கும் அளவுக்கு உங்கள் வீடு அமைதியாக இல்லை. மின்விசிறியும் அடுப்படியும் தொலைக்காட்சியும் அதை மூடிவிடுகின்றன. கரண்ட் போன ஒரு மத்தியானத்தில் காதைக் கொடுத்துப் பாருங்கள். டாக்டர் குழாய் வைத்துக் கேட்டால், சாதாரண வயிற்றிலேயே நிமிடத்துக்கு ஐந்து முதல் முப்பது முப்பத்தைந்து சத்தம் வரை இருக்கும். ஒன்றுமே கேட்காவிட்டால்தான் அவருக்குக் கவலை.

மாத்திரையை நிறுத்துங்கள். அது அமிலத்துக்கானது, காற்றுக்கும் தசைக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. அதற்குப் பதிலாக அரை மணித்தியாலம் முந்தி எழும்பி, மென்று சாப்பிடுங்கள். தேத்தண்ணியை ஆறவிட்டுக் குடியுங்கள். பரீட்சைக்கு முந்தின இரவு கடலை வேண்டாம். ஒரு கிழமைக்குப் பாலை மட்டும் விட்டு வெறுந்தேத்தண்ணி குடித்துப் பாருங்கள். சத்தம் குறைந்தால் பாலிலுள்ள சர்க்கரை உங்களுக்குச் சரியாகச் செரிக்காமல் இருக்கலாம். அப்போதும் எருமைத் தயிரை நிறுத்தத் தேவையில்லாமல் போகலாம். உறையும்போது அந்தச் சர்க்கரை கொஞ்சம் குறைந்துவிடுகிறது.

சத்தத்தோடு வயிறு உப்பி, முறுக்கி வலித்து, வாந்தியும் வந்து, வாயுவே பிரியாமல் நின்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, வாரக்கணக்கில் வயிற்றோட்டம் என்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள். வெறும் சத்தத்துக்கு வேண்டாம்.

சரி, பட்டினி கிடந்தால்? இரைப்பையும் சிறுகுடலும் காலியானதும், மிச்சம் மீதியைக் கூட்டித் தள்ள ஒரு பலமான சுருக்க அலை மேலிருந்து கீழே போகும். ஒன்றரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அது வரும், சாப்பிட்டால்தான் நிற்கும். உள்ளே சத்தத்தை அடக்கச் சோறோ பிட்டோ இல்லாததால் வெறும் அண்டா மாதிரி முழங்கும். மூன்று மணித்தியால வினாத்தாளுக்குள் அது ஒரு தடவையாவது வந்துவிடும். பக்கத்து மேசைப் பிள்ளை அப்போதும் திரும்பிப் பார்ப்பாள்.