ஆறு விமர்சனத்தில் ஒன்று ஒற்றை நட்சத்திரம்: கூகுள் மப்பில் என்ன செய்வது?

கேள்வி: திருகோணமலையில் ஏசி திருத்தும் தொழில் செய்கிறேன். மப்பில் ஐந்து பேர் 5 நட்சத்திரம் போட்டிருந்தார்கள். இப்போது ஒருவர், "காஸ் அடித்து ஒரு வாரத்தில் திரும்பக் குளிர் இல்லை, போன் எடுக்கவில்லை" என்று 1 போட்டுவிட்டார். அதை அழிக்க முடியுமா?

பதில்: அநேகமாக முடியாது. ஆபாசம், மிரட்டல், போலி என்றால் முறையிடலாம். வேலை சரியில்லை என்ற குறையில் யார் சொல்வது உண்மை என்று கூகுள் தீர்ப்புச் சொல்வதில்லை.

உங்கள் சராசரி 5.0இலிருந்து 4.3க்கு இறங்கியிருக்கும். நாற்பது பேர் 5 போட்டிருந்தால் இதே 1 அதை 4.9க்குத்தான் இறக்கியிருக்கும். ஆக, உங்களைத் தாக்கியது எண்ணிக்கைக் குறைவு. உள்ளூர்க்காரர் பக்கத்து வீட்டில் கேட்டு அழைப்பார். சீசனுக்கு முன் நிலாவெளி, உப்புவெளியில் விடுதி எடுத்து நடத்த வரும் வெளியூர் மனேஜருக்கு உங்களைத் தெரியாது. நட்சத்திரம், எண்ணிக்கை, பிறகு மோசமான விமர்சனமும் அதற்கு நீங்கள் சொன்ன பதிலும்: அவர் பார்ப்பது இவ்வளவுதான். கடையின் பெயருக்கு அவர் மனதில் ஒரு முகம் வருவது அங்கேதான்.

அதனால் முதலில் பதில் எழுதுங்கள். கோபம் ஆறிய பிறகு, ஆனால் ஓரிரு நாளுக்குள். உதாரணமாக:

"போன் எடுக்காதது எங்கள் பிழை, மன்னிக்கவும். காஸ் ஒரு வாரத்தில் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கலாம். கட்டணமில்லாமல் வந்து கசிவைத் தேடிப் பார்க்கிறோம். வசதியான நேரத்தைச் சொல்லுங்கள்."

இதில் கசிவு பற்றிய வரிதான் முக்கியம். கசிவைத் தேடாமல் காஸ் மட்டும் நிரப்பினால் அது திரும்பவும் இறங்கும் என்பது விடுதிக்காரருக்குத் தெரியும். இந்தக் கடைக்கும் தெரிகிறது என்று அவர் கண்டுகொள்வார். வாடிக்கையாளரின் முகவரி, இலக்கம், பில் விவரம் எதையும் அங்கே எழுத வேண்டாம். "நீங்கள் பொய் சொல்கிறீர்கள்" என்று எழுதினால், உண்மை உங்கள் பக்கம் இருந்தாலும் வாசிப்பவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

பிறகு உண்மையாகவே போய்த் திருத்திக் கொடுங்கள். எழுதியவர் தன் விமர்சனத்தைத் தானே மாற்றலாம். ஒருமுறை மட்டும் பணிவாகக் கேளுங்கள், அவரை நெருக்க வேண்டாம்.

இதற்கிடையில் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். உங்கள் கடையின் Google Business Profile பக்கத்தில் Ask for reviews என்பதை அழுத்தினால் ஒரு இணைப்பு வரும். வேலை முடிந்த அன்றே, ஏசி குளிர்வதை வாடிக்கையாளர் உணரும் நேரத்தில், அதை வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "என்ன வேலை, எந்த இடம் என்று ஒரு வரி எழுதினால் உதவி" என்றும் சேருங்கள். வெறும் நட்சத்திரத்தைவிட "உப்புவெளியில் மூன்று அறை ஏசி சேர்விஸ் செய்தார்கள், சொன்ன நேரத்துக்கு வந்தார்கள்" என்ற வரி வாசிப்பவரின் கேள்விக்கே பதில் சொல்லும். இன்னும் ஆறு பேர் 5 போட்டால் சராசரி 4.7 ஆகும்.

விமர்சனத்துக்குக் கழிவு கொடுக்காதீர்கள், வீட்டாரையும் வேலையாட்களையும் எழுதச் சொல்லாதீர்கள், திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்காதீர்கள். மூன்றுமே கூகுள் விதிக்கு எதிரானவை. அப்படிச் சேர்த்தவை அழிக்கப்பட்டால், மிஞ்சுகிற சிலவற்றில் அந்த 1 இன்னும் பெரிதாகத் தெரியும்.